நாற்பது பக்கம், அரைத் தாளில்

சின்ன கான்டிராக்டர் ஒருவரின் கையில் டெண்டர் ஆவணம் வந்தால் அவர் முதலில் தேடுவது மதிப்பைத்தான். அரைத் தாளில் சுருக்கி எழுதித் தருபவர் அங்கே தொடங்கக் கூடாது. ஒரு மாதிரி அறிவிப்பை வைத்துப் பார்ப்போம். ஊராட்சித் தெரு ஒன்றில் 300 மீட்டர் சிமென்ட் சாலை. மதிப்பீடு 20 லட்சம்.

முதல் வரியில் தகுதியை எழுதுங்கள். 'கடந்த 5 ஆண்டுகளில் இதே வகை வேலை ஒன்றை, 8 லட்சத்துக்குக் குறையாமல் முடித்திருக்க வேண்டும்' என்று அறிவிப்பு சொல்கிறது. நாலு லட்சத்தில் மூன்று தெரு போட்டவர், மொத்தம் 12 ஆச்சே என்று நினைப்பார். 'ஒன்றை' என்ற சொல் அவரைத் தள்ளிவிடும். இரு உறை முறையில் தொழில்நுட்ப உறையில் தேறாதவரின் விலை உறையைத் திறக்கவே மாட்டார்கள். எவ்வளவு குறைத்துக் கேட்டிருந்தாலும் பயனில்லை.

வேலை விவரத்தில் சாலையின் நீளத்தைவிட, கூடவே ஒட்டி வருவதைக் கவனியுங்கள். பழைய தளத்தைப் பெயர்த்து அப்புறப்படுத்துவது யார் பொறுப்பு, முடித்த பின் எத்தனை ஆண்டு பழுது பார்க்க வேண்டும் என்பதெல்லாம் பின்பக்கங்களில் இருக்கும்.

கடைசி நாளோடு மணியையும் எழுத வேண்டும். மாலை 3 மணி என்றால் அது இணையதளத்தின் கடிகாரம் காட்டும் 3 மணி. திருத்த அறிவிப்பு வந்து தேதி மாறியிருக்கவும் கூடும். முன்வைப்புத் தொகை, அதாவது ஈஎம்டி, இங்கே ஒரு சதவீதம்: 20,000 ரூபாய். வங்கி வழியாக அனுப்பினால் கணக்கில் ஏறுவதற்கு நேரம் பிடிக்கும். ஆகவே சுருக்கத்தில் பணம் கட்டும் நாளை ஒரு நாள் முன்னதாகவே போட்டுவிடுவது என் வழக்கம்.

மதிப்பீட்டு முறை, தகுதி பெற்றவர்களில் குறைந்த விலைக்காரருக்கு வேலை. இதைப் படித்ததும் எல்லாரும் 'லெஸ்' போடக் கிளம்புவார்கள். அதே ஆவணத்தின் உள்ளே இன்னொரு விதி இருக்கிறது. மதிப்பீட்டைவிட 5 முதல் 15 சதவீதம் வரை குறைத்தால் மதிப்பீட்டில் 2 சதவீதம் கூடுதல் பிணையாகக் கட்ட வேண்டும். அதற்கு மேல் குறைத்தால், குறைத்த தொகையில் பாதி. 12 சதவீதம் குறைத்தவர் 40,000 கட்டுவார். 17 சதவீதம் குறைத்து 16.6 லட்சம் கேட்டவருக்கு வித்தியாசம் 3.4 லட்சம், அவர் 1.7 லட்சம் கட்ட வேண்டும். அந்தப் பணம் வேலை முடியும்வரை முடங்கும். சிமென்ட் கடைக்காரருக்கு முன்பணம் கொடுக்க அவர் கையில் என்ன மிச்சம் இருக்கும்?

இந்தக் கணக்கைச் சுருக்கத்தின் அடியில், பேனாவால் கட்டம் போட்டு எழுதுகிறேன்.