603 இலக்க எண்ணின் கடைசி மூன்று

2-ஐ 2002 முறை பெருக்கினால் 603 இலக்கங்கள் கொண்ட எண் வரும். அதன் கடைசி மூன்று இலக்கங்கள் மட்டும் நமக்கு வேண்டும். அதாவது 2²⁰⁰²-ஐ 1000-ஆல் வகுத்தால் மீதி என்ன?

குறுக்குவழி ஆய்லருடையது. 1 முதல் 1000 வரை, 1000-உடன் பொதுக் காரணி இல்லாத எண்கள் மொத்தம் 400. அப்படிப்பட்ட எந்த எண்ணையும் 400 முறை பெருக்கி 1000-ஆல் வகுத்தால் மீதி 1 என்கிறது அவருடைய தேற்றம். அடுக்கு எவ்வளவு பெரிதானாலும் 400, 400-ஆகக் கழித்துவிடலாம். 2002-இல் ஐந்து நானூறு போனால் மிச்சம் 2. ஆக 2² = 4; விடை 004.

பலரும் இங்கே பேனாவை மூடிவிடுவார்கள். விடையோ தப்பு. நம் எண் 8-ஆல் மீதியின்றி வகுபட்டாக வேண்டும், ஏனென்றால் 2 × 2 × 2 அதற்குள்ளேயே இருக்கிறது. ஓர் எண் 8-ஆல் வகுபடுமா என்று கடைசி மூன்று இலக்கங்களே சொல்லிவிடும். 004 வகுபடாது. 2-க்கும் 1000-க்கும் பொதுக் காரணி இருக்கிறதே, அதைக் கவனிக்காமல் தேற்றத்தைப் போட்டதுதான் கோளாறு.

ஆகவே 1000-ஐ 8 × 125 என்று பிரிப்போம். 8-ஆல் வகுத்தால் மீதி 0. அதற்குத் தேற்றமே வேண்டாம். 125-உடன் 2-க்குப் பொதுக் காரணி கிடையாது, அதனால் இங்கே ஆய்லர் செல்லுபடியாவார். 125-க்கு உரிய எண்ணிக்கை 100. இருபது நூறைக் கழித்தால் அடுக்கு மறுபடியும் 2, மீதி 4.

இனி இரண்டு மீதிகளையும் சேர்க்க வேண்டும். சுன்ஸி என்பவரின் பெயரில் வழங்கும் பழைய சீனக் கணித நூலில் இதே மாதிரிப் புதிர் உண்டு: 3-ஆல் வகுத்தால் 2, 5-ஆல் 3, 7-ஆல் 2 மீதி வரும் எண் எது? விடை 23. அதிலிருந்து வளர்ந்ததே சீன மீதித் தேற்றம். நம் கணக்கில், 125-ஆல் வகுத்தால் 4 மீதி வரும் எண்கள் ஆயிரத்துக்குள் எட்டுதான்: 4, 129, 254, 379, 504, 629, 754, 879. இவற்றில் 8-ஆல் வகுபடுவது 504 மட்டுமே. அதுதான் விடை.

ஒன்றே ஒன்று தேறியது தற்செயல் அல்ல. 8-க்கும் 125-க்கும் பொதுக் காரணி இல்லாததால் அப்படித்தான் அமையும் என்பதே தேற்றத்தின் உறுதி. 1000-ஐ 4 × 250 என்று பிரித்திருந்தால், 250-க்கு மீதி 4, 4-க்கு மீதி 0 என்ற நிபந்தனையில் 4, 504 இரண்டுமே தேறி நம்மை நடுவில் நிறுத்தியிருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், 2²⁰²⁵ கேட்டிருந்தால் முதல் குறுக்குவழியே சரியான விடை தந்திருக்கும். நானூறுகளைக் கழித்த மிச்சம் 25; 2²⁵ = 33554432, கடைசி மூன்று 432. மிச்ச அடுக்கு 3 அல்லது அதற்கு மேல் இருந்தால் 8 தானாகவே உள்ளே வந்துவிடுகிறது. மிச்சம் 0, 1, 2 ஆகும்போதுதான் வழுக்கும்.