ஃபார்ம்ல ஒரு பேரு, பான் கார்டுல ஒரு பேரு: புது ஜாய்னர் விவரங்களை எப்படிப் பதிவு செய்யணும்?

(இந்த எபிசோடின் உரையாடல், வாசிப்புக்காகச் சுருக்கித் திருத்தப்பட்டது. விருந்தினர் சென்னையில் பேரோல் டீமில் வேலை பார்ப்பவர். உதாரணத்தில் வரும் பெயர்கள் கற்பனை.)

தொகுப்பாளர்: வேலைல சேர்ற முதல் நாள் ஒரு கத்தை ஃபார்ம் கொடுப்பாங்க. பேங்க் விவரம், நாமினி, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடணும்னு எல்லாம் எழுதிக் கொடுத்துட்டு மறந்துடுவோம். அதுக்கப்புறம் அந்த ஃபார்ம் எங்க போகுது அக்கா?

விருந்தினர்: எங்க டேபிளுக்குத்தான் வரும். அதுல இருக்கிறதை ஒவ்வொண்ணா எடுத்து ரெக்கார்டுல ஏத்துவோம். கூடவே ஆதார், பான், கேன்சல் பண்ணின செக் மூணையும் வச்சு ஒத்துப்போகுதான்னு பார்ப்போம். இதுல முதல் விதி, ஒத்துப்போகலைன்னா நாங்களா திருத்தக்கூடாது. ஃபார்ம்ல இருக்கிறது ஒரு காலம், ஆவணத்துல இருக்கிறது பக்கத்துக் காலம். ரெண்டையும் இருக்கிறபடியே எழுதிட்டு, மூணாவதா ஒரு குறி போடணும்.

தொகுப்பாளர்: ஒரு ஆளை வச்சுச் சொல்லுங்களேன்.

விருந்தினர்: சரி, கார்த்திக்னு ஒருத்தர். அவரோட பெயர் மட்டும் ரெக்கார்டுல இப்படி இருக்கும்:

```
FORM     S KARTHIK
AADHAAR  KARTHIK S
PAN      KARTHIK SUBRAMANIAN
CHEQUE   KARTICK S
```

நாலும் நாலு விதம். ஆனா முதல் மூணுல சிக்கல் இல்லை. நம்ம ஊர்ல இனிஷியல் முன்னாடியும் வரும், பின்னாடியும் வரும். பான்ல இனிஷியலை விரிச்சு எழுதணும், அதனால அப்பா பேரு கடைசிப் பேரா உட்கார்ந்துடுது. இதை உறுதிப்படுத்த ஒரு வழி இருக்கு. தனிநபரோட பான் நம்பர்ல நாலாவது எழுத்து `P`. அஞ்சாவது எழுத்து கடைசிப் பேரோட முதல் எழுத்து. இவருக்கு அது `S`. கார்டுல அப்பா பேரும் சுப்ரமணியன்னே இருக்கு. அப்போ இது 'விளக்கம் கிடைச்ச வித்தியாசம்'னு குறிச்சுட்டுப் போயிடலாம்.

நாலாவதுதான் நிஜமான வித்தியாசம். `KARTHIK`, `KARTICK`னு எழுத்தே மாறுது. இது இனிஷியல் விவகாரம் இல்லை. சிவப்புக் குறி போட்டு அவர்கிட்ட கேட்கணும். பேங்க்ல பேரைத் திருத்த அவராலதான் முடியும்.

தொகுப்பாளர்: அக்கவுண்ட் நம்பர் சரியா இருந்தா சம்பளம் வந்துடும்தானே?

விருந்தினர்: வந்துடும். ஆனா பயமே அதுலதான் இருக்கு. நெஃப்ட்ல பணம் வரவு வைக்கிறது அக்கவுண்ட் நம்பரை வச்சு மட்டும்தான், பேரை ஒப்பிட்டு இல்லை. ஒரு இலக்கம் தப்பா ஏறி, அந்த நம்பர்ல அதே பேங்க்ல வேற யாருக்காவது கணக்கு இருந்தா, சம்பளம் அவருக்குப் போயிடும். திரும்ப வாங்குறது பெரிய அலைச்சல்.

அதனால நம்பரை ரெண்டு தடவை ஏத்துவோம். ஃபார்மைப் பார்த்து ஒரு தடவை. அப்புறம் ஃபார்மைக் கவுத்து வச்சுட்டு, செக்கைப் பார்த்து இன்னொரு தடவை. ஒரே ஆள் ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா, கண்ணு தானா ஒத்துப்போக வச்சுடும். கையெழுத்துல `1`, `7` குழப்பம் அப்படித்தான் தப்பிக்கும். அப்புறம் ஷீட்ல ஒப்பிடுறதுக்கு:

```
=EXACT(C2,D2)
```

`FALSE`னு வந்தா சிவப்பு.

தொகுப்பாளர்: அவ்ளோதானா?

விருந்தினர்: இங்கதான் ஒரு குழி இருக்கு. எக்செல் ஒரு எண்ணுல 15 இலக்கம்தான் வச்சுக்கும். 16 இலக்க அக்கவுண்ட் நம்பரை சாதாரண செல்லுல அடிச்சா, கடைசி இலக்கம் `0` ஆயிடும். இப்போ யோசிங்க. ஃபார்ம்ல கடைசி இலக்கம் 3, செக்ல 8. ரெண்டுமே 0 ஆயிடுச்சுன்னா ஒப்பிடும்போது `TRUE`னு வரும். தப்பைப் பிடிக்க வச்ச ஃபார்முலாவே தப்பை மறைச்சிடும்! முன்னாடி பூஜ்யம் இருக்கிற நம்பர்னா அந்தப் பூஜ்யமும் காணாமப் போகும். அதனால டைப் பண்றதுக்கு முன்னாடியே ரெண்டு காலத்தையும் `Text`னு மாத்தணும். அடிச்சு முடிச்சிட்டு மாத்தினா போன இலக்கம் திரும்ப வராது.

ஐஎஃப்எஸ்சி கோடுக்கு ஒரு சின்னச் சோதனை போதும். மொத்தம் 11 எழுத்து. முதல் நாலு பேங்கைக் குறிக்கும், அஞ்சாவது எப்பவும் பூஜ்யம். நிறைய பேர் அங்க `O`ங்கிற எழுத்தைப் போடுவாங்க.

தொகுப்பாளர்: நாமினிக்கு வருவோம். அதுல என்ன ஒத்துப்போகாம இருக்கும்?

விருந்தினர்: கார்த்திக்குக் கல்யாணம் ஆகிடுச்சு. ஃபார்ம்ல நாமினி பேரு `K DIVYA`, உறவு மனைவி. அவங்க ஆதார்ல `M DIVYA`. கல்யாணத்துக்கு அப்புறம் வீட்டுக்காரர் இனிஷியலை எழுதுறாங்க, ஆனா ஆதார்ல அப்பா இனிஷியல்தான் இருக்கு. நம்ம பக்கம் இது ரொம்ப சாதாரணம். ஆனா நாளைக்கு அந்தப் பணத்தைக் கேட்டு வரும்போது திவ்யா காட்டப்போறது ஆதாரைத்தான். அந்த நேரத்துல கார்த்திக் இருக்க மாட்டார், "ரெண்டும் ஒருத்தர்தான்"னு சொல்ல. அதனால அவர் இருக்கும்போதே கேட்டு, அடையாள அட்டைல இருக்கிற பேரையே நாமினி பேரா எழுதி வாங்கிடணும்.

இன்னொண்ணு, அடையாள அட்டையை மட்டும் பார்த்தா தெரியாது. கல்யாணத்துக்கு முன்னாடி பழைய கம்பெனில இருந்தப்போ அம்மாவை பி.எஃப். நாமினியா போட்டிருப்பார். 1952-ம் வருஷ பி.எஃப். திட்டத்துல, கல்யாணம் ஆனதும் அதுக்கு முன்னாடி கொடுத்த நாமினேஷன் செல்லாது, புதுசா கொடுக்கணும்னு இருக்கு. அதனால ஃபார்ம்ல 'திருமணமானவர்'னு இருந்தா, நாமினேஷன் தேதியையும் பார்ப்போம். யாரைப் போடணும்ங்கிறது அவர் முடிவு, நாங்க குறி மட்டும்தான் போடுவோம். ரெண்டு, மூணு பேர்னா பங்கு கூட்டி 100 வருதான்னும் பார்க்கணும்.

தொகுப்பாளர்: எமர்ஜென்சி கான்டாக்டுக்கு எந்த ஆவணமும் இல்லையே?

விருந்தினர்: ஆமா, அதை ஃபார்முக்குள்ளயேதான் ஒப்பிடணும். நம்பர் பத்து இலக்கமா? ஆளோட சொந்த நம்பரும் அதுவும் ஒண்ணா இல்லாம இருக்கா? சொந்த நம்பரையே ரெண்டு இடத்துலயும் எழுதுறவங்க நிறைய. அவர் மயங்கி விழுந்தா, அவர் பாக்கெட்ல இருக்கிற ஃபோன்தான் அடிக்கும்! அப்புறம், நாமினியை இங்க காப்பி பண்ணக்கூடாது. ஊர்ல இருக்கிற அம்மா நாமினியா இருக்கலாம். ஆனா அரை மணி நேரத்துல ஆஸ்பத்திரிக்கு வரப்போறது ரூம்மேட்தான். ரெண்டும் வேற வேற கேள்வி.

தொகுப்பாளர்: குறி போட்டாச்சு. ஆள்கிட்ட எப்படிக் கேட்பீங்க?

விருந்தினர்: "உங்க நம்பர் 3-ல முடியுது, சரிதானே?"னு கேட்டா, அவசரத்துல "ஆமா"ன்னுதான் சொல்வாங்க. அதனால இப்படி அனுப்புவோம்: "ஃபார்ம்ல கடைசி நாலு இலக்கம் 4193, செக்ல 4198. எது சரி? பாஸ்புக் முதல் பக்கத்தைப் பார்த்துச் சொல்லுங்க." கடைசி நாலு இலக்கம் போதும், முழு நம்பரை மெயில்ல போட வேண்டியதில்லை. பதில் வந்ததும் யார், எந்தத் தேதில, எந்த ஆவணத்தைப் பார்த்துச் சொன்னாங்கன்னு எழுதிட்டுத்தான் சிவப்பை எடுப்போம். பதில் வராத வரைக்கும் அந்த அக்கவுண்ட் சம்பள ஃபைல்ல ஏறாது.

தொகுப்பாளர்: அப்போ ஹெச்.ஆர். இப்படி ஒரு மெயில் அனுப்பினா, எரிச்சல்படாம பாஸ்புக்கை எடுத்துப் பார்த்துட்டு பதில் போடுங்க மக்களே. அடுத்த எபிசோடுல சந்திப்போம்!