பால்கனியில் கம்பி ஏன் மேலே?

அறையின் கூரைத் தளத்தை இரண்டு பக்கமும் சுவர் தாங்குகிறது. பாரம் ஏறினால் நடுப்பகுதி கீழே தொய்யும், அடிப்பாகம் இழுபடும். கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுப்புக்குச் சட்டென விரிசல் விடும். அதனால் அங்கே முதன்மைக் கம்பி அடியில் கிடக்கிறது.

பால்கனிக்குப் பிடிப்பு ஒரு பக்கம்தான். நுனி கீழே இறங்கப் பார்க்கும்போது, சுவரை ஒட்டிய இடத்தில் மேற்பரப்பு இழுபடுகிறது. ஆகவே கம்பியும் மேலே இருக்கவேண்டும். வீட்டுத் தளத்துக்குள்ளும் நீளமாகப் போய், பெரும்பாலும் பால்கனி நீட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு, நங்கூரம் பெறவேண்டும்.

வரைபடத்தில் இதெல்லாம் சரியாகவே இருக்கும். கெடுவது கான்கிரீட் போடும் நாளில்தான். 125 மி.மீ. தளத்தில் 10 மி.மீ. கம்பி, மேலே 20 மி.மீ. கவர் விட்டால், அடிப்பரப்பிலிருந்து 100 மி.மீ. உயரத்தில் நிற்கும். சட்டி சுமப்பவர்கள் மிதித்து அது 40 மி.மீ. இறங்கினால், பலத்தில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் போயிற்று. அடிவரை இறங்கினால் கம்பி இருந்தும் இல்லாத கணக்கு. இதைத் தடுக்கத்தான் வளைத்த கம்பியில் 'சேர்' வைத்து, நடக்கப் பலகை போடுகிறார்கள். மேஸ்திரி இதைச் செலவு என்று தட்டிக்கழித்தால் விடாதீர்கள்.

பழைய பால்கனியில் சுவரோரமாக, தரையின் மேற்பரப்பில் நீளவாக்கில் விரிசல் ஓடினால், பூச்சு மேல் பூச்சு பூசாமல் பொறியாளரைக் கூப்பிடுங்கள். அவர் பார்க்கும்வரை அங்கே தண்ணீர்த் தொட்டியும் வேண்டாம், ஆட்களும் வேண்டாம்.