வாடகைக் கொள்முதலில் வட்டியும் வண்டியும்

வாடகைக் கொள்முதலில் பொருள் முதல் நாளே வாங்குபவர் கைக்கு வந்துவிடும். ஆனால் கடைசித் தவணை கட்டும்வரை அது விற்றவருக்கே சொந்தம். அதுவரை கட்டும் பணம், சட்டப்படி பார்த்தால், பயன்படுத்துவதற்கான வாடகை. தவணை தவறினால் பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமை விற்றவருக்கு வருவது இதனால்தான். இந்தியாவில் இதற்கென 1972இல் ஒரு தனிச் சட்டம் இயற்றப்பட்டும் அது நடைமுறைக்கு வரவேயில்லை, 2005இல் நீக்கப்பட்டது. ஆகவே இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் வாசகமே பெரும்பாலும் முடிவைச் சொல்கிறது.

கணக்கு எழுதும்போது முதலில் பிரிக்க வேண்டியது ரொக்க விலையையும் வட்டியையும். ஒரு சரக்கு வேனின் ரொக்க விலை 4,00,000 ரூபாய் என்று கொள்வோம். ஏப்ரல் 1 அன்று முன்பணம் 69,000. பிறகு மூன்று ஆண்டுகள், ஒவ்வொரு மார்ச் 31 அன்றும் 1,33,100 ரூபாய் தவணை. மொத்தம் கட்டுவது 4,68,300. ரொக்க விலைக்கு மேல் உள்ள 68,300தான் வட்டி.

இதை மூன்றால் வகுத்து ஆண்டுக்கு ஏறத்தாழ 22,767 என்று எழுதுவது பலரும் செய்யும் பிழை. வட்டி என்பது அந்தந்த ஆண்டு நிலுவையில் நிற்கும் பணத்துக்கானது. முன்பணம் போக நிலுவை 3,31,000. வட்டி 10 விழுக்காடு. முதலாண்டு வட்டி 33,100. தவணையில் மீதமுள்ள 1,00,000 அசலில் கழிகிறது. இரண்டாமாண்டு நிலுவை 2,31,000, வட்டி 23,100. மூன்றாமாண்டு நிலுவை 1,21,000, வட்டி 12,100. கடைசித் தவணையோடு நிலுவை பூச்சியமானால் கணக்கு சரி. சில ரூபாய் மிஞ்சினால் அதைக் கடைசி ஆண்டு வட்டியில் சரிசெய்வது வழக்கம்.

வாங்குபவர் தம் ஏட்டில் வேன் கணக்கைப் பற்று வைத்து, விற்பவர் கணக்கில் 4,00,000 வரவு வைப்பார். சட்டப்படி உரிமையாளராக இல்லாதவர் வேனைத் தம் சொத்தாக எழுதலாமா என்ற கேள்வி எழும். வேனை ஓட்டிச் சம்பாதிப்பவரும் அதன் தேய்மானத்தைத் தாங்குபவரும் அவரே என்பதால் இப்படி எழுதுவதே நியாயம். கட்டும் பணம் ஒவ்வொன்றுக்கும் விற்பவர் கணக்கு பற்று, வங்கிக் கணக்கு வரவு. ஆண்டு முடிவில் வட்டிக் கணக்கைப் பற்று வைத்து, விற்பவர் கணக்கில் வரவு வைக்க வேண்டும். தேய்மானம் குறைந்துசெல் இருப்பு முறையில் 20 விழுக்காடு என்றால் முதலாண்டுக்கு 80,000. வேனின் மதிப்பு 3,20,000 ஆகிறது.

இரண்டாம் தவணையைக் கட்ட முடியாமல் போய், விற்றவர் வண்டியை எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் கவனம் தேவை. தவணை கட்டாவிட்டாலும் அந்த ஆண்டின் வட்டி 23,100ஐயும் தேய்மானம் 64,000ஐயும் எழுதிய பிறகே கணக்கை முடிக்க வேண்டும். அப்போது விற்றவருக்குத் தர வேண்டியது 2,54,100; வேனின் ஏட்டு மதிப்பு 2,56,000. விற்பவர் கணக்கில் 2,54,100 பற்று, இலாப நட்டக் கணக்கில் 1,900 பற்று, வேன் கணக்கில் 2,56,000 வரவு.

வெறும் 1,900 ரூபாய்தான் நட்டம் என்று இதைப் படித்துவிடக் கூடாது. முன்பணமும் முதல் தவணையுமாக வாங்கியவர் கட்டியது 2,02,100. இரண்டாண்டுத் தேய்மானம் 1,44,000, வட்டி 56,200, இந்த 1,900 மூன்றையும் கூட்டினால் அதே தொகைதான் வருகிறது. ஏற்கெனவே செலவாக எழுதியவை போக எஞ்சியதே அந்த 1,900. கூட்டல் இப்படிப் பொருந்தாவிட்டால், வட்டியோ தேய்மானமோ எங்கோ விடுபட்டிருக்கிறது என்று அறியலாம்.

விற்றவரின் ஏட்டில் தொடக்கத்தில் வாங்குபவர் கணக்கு பற்று, விற்பனைக் கணக்கு வரவு. வட்டி அவருக்கு வருமானம். திரும்பி வந்த வேனுக்கு வாங்கியவரின் ஏட்டு மதிப்பை அவர் ஏற்க வேண்டியதில்லை. சரக்கு ஏற்றி அடிபட்ட வண்டி என்று 30 விழுக்காடு தேய்மானம் போட்டால், இரண்டாண்டு முடிவில் மதிப்பு 1,96,000. கைப்பற்றிய பொருள் கணக்கில் 1,96,000 பற்று, இலாப நட்டக் கணக்கில் 58,100 பற்று, வாங்குபவர் கணக்கில் 2,54,100 வரவு.

பிறகு 14,000 ரூபாய்க்குப் பழுது பார்க்கிறார். அந்தச் செலவைப் பொதுச் செலவோடு கலக்காமல், கைப்பற்றிய பொருள் கணக்கிலேயே பற்று வைக்க வேண்டும். அடக்கம் 2,10,000 ஆகிறது. வேன் 2,25,000க்கு விற்றால் கிடைக்கும் 15,000 இலாபம் அதே கணக்கிலிருந்து இலாப நட்டக் கணக்குக்குப் போகும். வட்டி வருமானம் 56,200, மறுவிற்பனை இலாபம் 15,000 இரண்டிலிருந்தும் 58,100 நட்டத்தைக் கழித்தால், ரொக்க விலைக்கு மேல் இரண்டாண்டில் அவருக்கு நின்றது 13,100 ரூபாய்.