வாசனை முதலில், புளிப்பு பிறகு

இங்கிலாந்தில் மாலைத் தேநீரோடு வைக்கும் கேக்குகளில் ‘லெமன் டிரிஸில்’ வீட்டுக்கு வீடு செய்யப்படுவது. மேலே கிரீமோ அலங்காரமோ கிடையாது. நீள அச்சில் வெந்த எளிய கேக்கின் மேல், சூடு ஆறுவதற்குள் எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் கலந்த பாகை ஊற்றுவார்கள். பொருள்கள் மிகக் குறைவு. ஆனாலும் ஒருவர் வீட்டுக் கேக்கில் எலுமிச்சை மணக்கிறது, இன்னொருவர் வீட்டில் இனிப்பு மட்டுமே மிஞ்சுகிறது. எலுமிச்சையின் எந்தப் பகுதியை எப்போது சேர்க்கிறோம் என்பதில்தான் இந்த வேறுபாடு இருக்கிறது.

எலுமிச்சையின் வாசனையும் புளிப்பும் இருப்பது வெவ்வேறு இடங்களில். புளிப்பு சாற்றில் இருக்கிறது. வாசனையோ பெரும்பாலும் மஞ்சள் தோலில் புள்ளி புள்ளியாகத் தெரியும் நுண்ணிய எண்ணெய்ப் பைகளில் இருக்கிறது. அந்த எண்ணெய் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். அதனால் எவ்வளவு சாறு பிழிந்து ஊற்றினாலும் கேக் புளிக்குமே தவிர, அந்த அளவுக்கு மணக்காது.

தோலைத் துருவும்போது எண்ணெய்ப் பைகளில் ஒரு பகுதிதான் உடைகிறது. மீதியை உடைப்பது சர்க்கரையின் வேலை. 225 கிராம் பொடிச் சர்க்கரையில் இரண்டு பெரிய எலுமிச்சையின் தோல் துருவலைப் போட்டு, விரல் நுனிகளால் இரண்டு நிமிடம் தேய்க்க வேண்டும். சர்க்கரை மாவாக அரைபட்டிருக்கக் கூடாது, மணியாக இருக்க வேண்டும். அதன் கூரான முனைகள் தோலைக் கீறுகின்றன. வெளிவரும் எண்ணெய் சர்க்கரையிலேயே படிகிறது. சர்க்கரை லேசாக மஞ்சளித்து, ஈர மணல் போல விரலில் ஒட்டத் தொடங்கினால் போதும். வாசனையும் அப்போது கிண்ணத்திலிருந்து தானே எழும். துருவும்போது மஞ்சள் தோலோடு நிறுத்திவிட வேண்டும். அடியில் உள்ள வெள்ளைப் பகுதி சேர்ந்தால் கேக் கசக்கும்.

இந்தச் சர்க்கரையை 225 கிராம் மென்மையான வெண்ணெயோடு வெளுத்து நுரைக்கும்வரை அடிக்க வேண்டும். எண்ணெய் வெண்ணெயின் கொழுப்பில் கரைந்துவிடுவதால், அவனின் சூட்டில் கொஞ்சம் ஆவியானாலும் நிறையவே தங்கும். பிறகு நான்கு முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து அடித்து, 225 கிராம் மைதாவையும் இரண்டரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடரையும் சலித்துக் கலக்கலாம். காகிதம் விரித்த நீள அச்சில் ஊற்றி, 180 டிகிரி செல்சியஸில் 45 முதல் 55 நிமிடம் வேகவிட வேண்டும். நடுவில் குத்திய குச்சி ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. சரியாக வேகாத கேக்கில் பாகை ஊற்றினால் நடுப்பகுதி அமுங்கி, களியாகிவிடும்.

புளிப்பின் முறை இப்போதுதான் வருகிறது. சாற்றை முன்னமே மாவில் ஊற்றினால் அதன் அமிலம் பேக்கிங் பவுடரோடு உடனே வினைபுரிந்து, கேக்கை உப்ப வைக்கும் வாயுவில் ஒரு பங்கு அவனுக்குப் போகும் முன்பே வீணாகும். ஆகவே ஒன்றரை எலுமிச்சையின் சாற்றில் 85 கிராம் சர்க்கரையைக் கலந்து தனியே வைத்திருக்க வேண்டும். அடுப்பில் காய்ச்ச வேண்டாம், சர்க்கரை முழுதும் கரையவும் வேண்டாம். சாறு கேக்குக்குள் இறங்கியதும், கரையாத மணிகள் மேலே தங்கிக் காய்ந்து, கடித்தால் நொறுங்கும் மேலோடாகும்.

அவனிலிருந்து எடுத்ததும் பத்து நிமிடம் பொறுக்க வேண்டும். அப்போதே ஊற்றினால், இன்னும் உறுதிப்படாத கேக் நைந்துவிடும். முழுதும் ஆறவிட்டாலோ அதன் உட்புறம் இறுகிவிடும், பாகு உள்ளே இறங்காமல் மேலேயே பிசுபிசுப்பாக நிற்கும். வெதுவெதுப்பாக இருக்கும்போது மெல்லிய குச்சியால் விரற்கடை இடைவெளியில் ஆழமாகக் குத்தி, கரண்டி கரண்டியாக, முந்தையது இறங்கிய பிறகே அடுத்ததை ஊற்ற வேண்டும். ஓரங்கள்தான் அதிகம் காய்ந்திருக்கும், அவற்றை விட்டுவிடக் கூடாது. ஆறும்வரை கேக் அச்சிலேயே இருந்தால்தான் பாகு வழிந்து ஓடாமல் உள்ளேயே ஊறும்.

நம் ஊர்ச் சிறு எலுமிச்சையில் செய்தால் மணம் சற்று மாறும். அதன் தோல் மெல்லியது, துருவலும் குறைவாகவே கிடைக்கும். நான்கைந்து பழங்கள் தேவைப்படும், வெள்ளைப் பகுதி சீக்கிரம் வந்துவிடும் என்பதால் கையை அழுத்தாமல் துருவ வேண்டும். பாகுக்குப் பழக் கணக்கு உதவாது. மூன்று மேசைக்கரண்டிச் சாற்றில் தொடங்கி, ருசி பார்த்துக் கூட்டிக்கொள்ளலாம்.