ஐந்து பங்கு, ஒரே பந்தயம்

2018 செப்டம்பர் 21, வெள்ளிக்கிழமை. மதிய நேரத்தில் சென்செக்ஸ் திடீரென ஆயிரம் புள்ளிகளுக்கு மேல் சரிந்து, பிறகு பெரும்பகுதியை மீட்டுக்கொண்டது. குறியீட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போனவர்களுக்கு அது ஒரு சலசலப்பு, அவ்வளவுதான். ஆனால் வீட்டுக்கடன் நிறுவனமான டிஎச்எஃப்எல் பங்கு அன்று ஒரே நாளில் 42 சதவீதம் இழந்து முடிந்தது. இடையில் 60 சதவீதம் வரைகூட இறங்கியது. யெஸ் வங்கிப் பங்கும் அதே நாளில் 29 சதவீதம் அளவுக்கு விழுந்தது. வங்கிசாரா நிதி நிறுவனங்கள் பலவும் கூடவே இறங்கின.

காரணங்கள் வேறு வேறு. உள்கட்டமைப்புக்குக் கடன் தரும் ஐஎல்&எஃப்எஸ் குழுமம் தவணைகளைக் கட்டத் தவறியதால், இதுபோன்ற நிறுவனங்களுக்கு இனி யார் குறுகியகாலக் கடன் தருவார்கள் என்ற சந்தேகம் ஏற்கெனவே பரவியிருந்தது. டிஎச்எஃப்எல்லின் கடன் பத்திரங்களை ஒரு மியூச்சுவல் ஃபண்ட் அதிக வட்டி விகிதத்தில், அதாவது விலையைக் குறைத்து, விற்றது என்ற செய்தி அந்தச் சந்தேகத்துக்குத் தீ வைத்தது. யெஸ் வங்கியின் கதை தனி: அதன் தலைவர் ராணா கபூரின் பதவிக்காலத்தை ரிசர்வ் வங்கி குறைத்திருந்தது. ஆனாலும் பங்கு வைத்திருந்தவருக்கு எல்லாம் ஒரே வெள்ளிக்கிழமையில் வந்து சேர்ந்தன.

அப்போது ஒருவர் 10 லட்சம் ரூபாயை எட்டுப் பங்குகளில், ஒவ்வொன்றிலும் 1.25 லட்சமாகப் போட்டிருந்தார் என்று வைத்துக்கொள்வோம். விலை எட்டு சதவீதம் இறங்கினால் விற்றுவிடுவேன் என்பது அவருடைய ஸ்டாப் லாஸ். அப்படியானால் ஒரு பங்கில் போகக்கூடியது 10,000 ரூபாய், மொத்த முதலில் ஒரு சதவீதம். கட்டுப்பாடான ஆள்தான். ஆனால் நன்றாக ஏறும் பங்குகளைத் தேடியபோது பட்டியலில் முதலில் வந்தவை எல்லாம் நிதித்துறைப் பங்குகளாக இருந்ததால், எட்டில் ஐந்து அங்கேயே போய்விட்டன. டிஎச்எஃப்எல், யெஸ் வங்கி, இன்னும் மூன்று.

அவர் மாலையில் விலை பார்த்து முடிவெடுப்பவர் என்றால் அவருக்குக் கிடைப்பது அன்றைய முடிவு விலைதான். டிஎச்எஃப்எல்லில் 52,500 ரூபாய் நஷ்டம். யெஸ் வங்கியில் ஏறக்குறைய 36,000. மற்ற மூன்றும் தலா பத்து சதவீதம் இறங்கின என்று கொண்டால் 37,500. ஆக மொத்தம் 1,26,000 ரூபாய். ஐந்து பங்குகளுக்கும் சேர்த்து அவர் மனத்தில் வைத்திருந்த நஷ்டம் 50,000. நடந்தது அதைப்போல இரண்டரை மடங்கு. ஸ்டாப் லாஸ் ஆர்டரை முன்கூட்டியே போட்டு வைத்திருந்தால் இதைவிடக் குறைவாகத் தப்பியிருக்கலாம். ஆனால் வாங்குபவர் இல்லாமல் விலை ஓடும்போது அந்த ஆர்டர் எந்த விலையில் நிறைவேறும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

ஸ்டாப் லாஸ் காப்பது ஒரு பங்கின் நஷ்டத்தை. ஐந்து ஸ்டாப் லாஸ்களும் ஒரே மணி நேரத்தில் அடிபட்டால் அதற்கு அதனிடம் பதில் இல்லை. அந்த இடத்தில்தான் துறைக்கு ஒரு வரம்பு தேவைப்படுகிறது.

இவர் ‘எந்தத் துறைக்கும் முதலில் 25 சதவீதத்துக்கு மேல் கிடையாது’ என்று எழுதி வைத்திருந்தால், நிதித்துறையில் இரண்டு இடங்களோடு நின்றிருக்க வேண்டும். மீதி ஆறு இடங்கள் மருந்து, மென்பொருள், நுகர்பொருள் என்று போயிருக்கும். அல்லது நல்ல பங்கு கிடைக்கும்வரை பணமாகவே இருந்திருக்கும். அந்த இரண்டில் ஒன்று டிஎச்எஃப்எல், மற்றொன்று பத்து சதவீதம் இறங்கிய சாதாரணப் பங்கு என்றால் நிதித்துறையில் நஷ்டம் 65,000. துரதிர்ஷ்டவசமாக டிஎச்எஃப்எல்லும் யெஸ் வங்கியுமே அந்த இரண்டாக அமைந்திருந்தால் 88,500. இதுவும் வலிக்கும் தொகைதான். ஒரே பங்கு 42 சதவீதம் விழும் ஆபத்தைத் துறை வரம்பு தடுக்காது. அதற்கு ஒரு பங்கில் போடும் தொகையையே குறைக்க வேண்டும். இந்த இரண்டு வேலைகளையும் ஒரே விதியிடம் எதிர்பார்ப்பவர்கள்தான் பிறகு ‘வரம்பு வைத்தும் பயனில்லை’ என்கிறார்கள்.

இந்த நெருக்கடிக்குப் பிறகு செபியும் இதே திசையில்தான் நகர்ந்தது. மியூச்சுவல் ஃபண்டுகளின் கடன் திட்டங்கள் ஒரு துறையில் வைத்திருக்கக்கூடிய அளவை 2019-இல் 25 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தது. வீட்டுக்கடன் நிறுவனங்களுக்கென்று கூடுதலாகத் தந்திருந்த 15 சதவீதச் சலுகையையும் பத்தாக்கியது.

சரி, எதைத் துறை என்று எண்ணுவது? தரகரின் செயலி காட்டும் வகைப்பாட்டை அப்படியே எடுத்துக்கொள்வது வசதி. ஆனால் அது இரண்டு பக்கமும் ஏமாற்றும். தனியார் வங்கி, வீட்டுக்கடன் நிறுவனம், நுண்கடன் நிறுவனம், காப்பீடு என்று நான்கு பெட்டிகளாகப் பிரித்தால் நான்கிலும் இரண்டிரண்டு வாங்கிவிட்டு ‘பரவலாக வைத்திருக்கிறேன்’ என்று நிம்மதியாக இருக்கலாம். அவ்வளவும் நிதித்துறை. என் கருத்தில் வரம்பை எப்போதும் பெரிய பெட்டிக்குத்தான் வைக்க வேண்டும்.

மறுபக்கம் இன்னும் சிக்கலானது. 2024 ஜூன் 4, மக்களவைத் தேர்தல் முடிவு நாள். ஆளுங்கட்சிக்குத் தனிப் பெரும்பான்மை இல்லை என்று தெரிந்ததும் நிஃப்டி ஏறத்தாழ ஆறு சதவீதம் சரிந்தது. பாரத ஸ்டேட் வங்கி ஒரு வங்கி. பாரத் எலக்ட்ரானிக்ஸ் பாதுகாப்புத் தளவாடம் செய்வது. ஆர்இசி மின்திட்டங்களுக்குக் கடன் தருவது. காகிதத்தில் இவற்றின் தொழில்கள் வேறு வேறு. அன்று மூன்றும் நிஃப்டியைவிட இரண்டு மடங்குக்கும் மேல் விழுந்தன. அவற்றின் பொதுவான கரு அரசு: அரசு உரிமை, அரசு செலவு, அரசின் கொள்கை தொடரும் என்ற நம்பிக்கை. இந்தக் கருவைத் துறை வகைப்பாடு எதுவும் காட்டியிருக்காது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு, பெரிய கணக்கு வேண்டாம். கடந்த ஓராண்டில் நிஃப்டி மோசமாக விழுந்த பத்து நாட்களை எடுங்கள். அந்த நாட்களில் உங்கள் ஒவ்வொரு பங்கும் நிஃப்டியைவிட எவ்வளவு கூடுதலாகவோ குறைவாகவோ நகர்ந்தது என்று எழுதுங்கள். எவையெல்லாம் சேர்ந்தாற்போல் கூடுதலாக விழுந்தன என்று பாருங்கள். அவை ஒரே குழு, பெயர் என்னவாக இருந்தாலும். மொத்த நகர்வை வைத்துப் பார்த்தால் எல்லாப் பங்குகளும் சொந்தக்காரர்கள் போலத் தெரியும், அதனால் நிஃப்டியின் நகர்வைக் கழித்துவிட்டுப் பார்ப்பது அவசியம். அதோடு ஒரு கேள்வியையும் கேட்டுப் பார்க்கலாம்: எந்த ஒரு செய்தி வந்தால் இவை எல்லாம் சேர்ந்து இறங்கும்? வட்டி விகிதம் உயர்ந்தால் என்பது பதிலானால், ரியல் எஸ்டேட், வாகனம், வீட்டுக்கடன் மூன்றும் ஒரே வரிசையில் நிற்கின்றன.

வரம்பை வைத்த பிறகு வரும் தலைவலி, அது தானாக மீறப்படுவது. நிதித்துறையில் 2.5 லட்சம் போட்டிருந்தீர்கள். அது 60 சதவீதம் ஏறி நான்கு லட்சமானது, மற்றவை அசையவில்லை. இப்போது மொத்தம் 11.5 லட்சம், அதில் நிதித்துறை 35 சதவீதத்துக்கு அருகில். நீங்கள் எதையும் வாங்கவில்லை, ஆனாலும் வரம்பு போய்விட்டது. ஏறும் பங்கை வெட்டாதே என்பது ஒரு கட்சி. வரம்பென்றால் வரம்பு, உடனே விற்றுக் குறை என்பது இன்னொரு கட்சி. இரண்டுக்கும் நடுவில் இரண்டு கோடுகளாக வைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது: 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்தத் துறையில் புதிதாக எதுவும் வாங்குவதில்லை, 35-ஐத் தாண்டினால் கூடுதலை மட்டும் விற்பது. முதல் கோடு உங்கள் ஆசையைத் தடுக்கிறது, இரண்டாவது சந்தை உங்களுக்காகச் செய்த குவிப்பைக் கலைக்கிறது. இதற்கு விலை உண்டு. 2023-இல் ரயில்வே, பாதுகாப்புத்துறைப் பங்குகள் ஓடியபோது வரம்பு வைத்திருந்தவர்கள் அந்த ஓட்டத்தில் பாதியைத்தான் பார்த்திருப்பார்கள்.

இவ்வளவு செய்தாலும் துறை வரம்பு கைகொடுக்காத நாள் ஒன்று இருக்கிறது. 2020 மார்ச் 23 அன்று, ஊரடங்கு அச்சத்தில் நிஃப்டி 13 சதவீதம் விழுந்தது. பத்து சதவீதம் சரிந்ததுமே வர்த்தகம் சிறிது நேரம் நிறுத்தப்பட்டது. அன்று வங்கி, மருந்து, மென்பொருள் என்ற வேறுபாடே இல்லை, எல்லாமே ஒரே பந்தயமாகிவிட்டன. அந்த நாளுக்கு உதவுவது திறந்திருக்கும் பொசிஷன்களின் மொத்த எண்ணிக்கைக்கு வைக்கும் வரம்பு மட்டும்தான்.

1983-இல் அமெரிக்க கமாடிட்டி வியாபாரி ரிச்சர்ட் டென்னிஸ், வில்லியம் எக்கார்ட்டுடன் சேர்ந்து சிலருக்கு வியாபாரம் கற்றுக்கொடுத்தார். ‘டர்ட்டில்கள்’ என்று அழைக்கப்பட்ட அவர்களுக்குத் தரப்பட்ட விதிகளில் இது படிப்படியாக இருந்தது. ‘யூனிட்’ என்பது விலை ஏற்றத்தாழ்வைக் கொண்டு கணக்கிட்ட ஒரு பங்களவு. ஒரு சந்தையில் நான்கு யூனிட்டுக்கு மேல் கூடாது. நெருங்கிய தொடர்புள்ள சந்தைகளில், தங்கமும் வெள்ளியும் போல, சேர்த்து ஆறு. தூரத்துத் தொடர்புள்ளவற்றில் பத்து. ஒரே திசையில், அதாவது எல்லாம் ஏறும் என்றோ எல்லாம் இறங்கும் என்றோ, மொத்தம் பன்னிரண்டு. கடைசி எண் முக்கியமானது. தொடர்பே இல்லை என்று நீங்கள் நினைப்பவையும் ஒரு நாள் சேர்ந்து நகரும் என்று அது முன்கூட்டியே ஒத்துக்கொள்கிறது.

பங்கு மட்டும் வாங்குபவருக்கு எல்லாப் பொசிஷன்களும் ஒரே திசைதான். ஆகவே எட்டு இடங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சதவீத நஷ்ட வாய்ப்பு என்றால், எல்லா ஸ்டாப் லாஸ்களும் ஒன்றாக அடிபட்டாலும் கணக்கில் எட்டு சதவீதம். 2018 செப்டம்பர் மாதிரி விலை தாவினால் அதைவிடக் கூடும். அந்தக் கூடுதலைத் தாங்க முடியாது என்று நினைப்பவர் எட்டை ஆறாக்கலாம், அல்லது ஒரு இடத்தின் நஷ்டத்தை அரை சதவீதமாக்கலாம். இருபது, முப்பது என்று பங்குகளைச் சேர்த்துக்கொண்டே போவது பாதுகாப்பு போலத் தோன்றும். தொகையைக் குறைக்காமல் எண்ணிக்கையை மட்டும் கூட்டினால், ஒரே நாளில் அடிபடக்கூடிய பணம்தான் கூடுகிறது.

எட்டு இடமும் நிரம்பியிருக்கும்போது ஒன்பதாவதாக ஒரு நல்ல பங்கு கண்ணில் படும். அதை வாங்க வேண்டுமானால் இருக்கும் எட்டில் மிகப் பலவீனமானதை அன்றே விற்றாக வேண்டும். புதியது அதே துறை என்றால், அந்தத் துறையில் ஏற்கெனவே இருக்கும் இரண்டில் ஒன்றைத்தான். விற்க மனம் வரவில்லையா, புதியதையும் வாங்காதீர்கள்.