இரட்டைக் கருவுக்கு ஏன் இத்தனை ஸ்கேன்?

வயிற்றில் இரண்டு என்றதும் வீட்டார் கேட்பது, "ஒரே ஜாடையா இருக்குமா?" மருத்துவர் தேடுவதோ நஞ்சுக்கொடி ஒன்றா, இரண்டா என்பதை. 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில்தான் அது தெளிவாகத் தெரியும். பிறகு கண்டுபிடிப்பது கடினம்.

தனித்தனி என்றால் மாதம் ஒரு ஸ்கேன் பெரும்பாலும் போதும். ஒன்றையே இருவரும் பங்கிட்டால், 16ஆம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். காரணம், அந்த நஞ்சுக்கொடிக்குள் இருவரின் ரத்தக்குழாய்களும் இணைந்திருக்கும். சில சமயம் ஒரு குழந்தையின் ரத்தம் மற்றதற்கே அதிகமாகப் போய்விடும். கொடுக்கும் குழந்தைக்குச் சிறுநீர் குறைந்து, சுற்றியுள்ள பனிக்குட நீர் வற்றும். வாங்கும் குழந்தையின் பையில் நீர் பெருகும், இதயம் திணறும்.

18ஆம் வார ஸ்கேனில் ஒரு பையின் நீராழம் 2 செ.மீ.க்குக் கீழே, மற்றதில் 8 செ.மீ.க்கு மேலே என்று வைத்துக்கொள்வோம். உடனே கருநல நிபுணரிடம் அனுப்புவார்கள். இணைந்த குழாய்களை லேசரால் அடைக்கலாம். அப்போதும் இரண்டும் பிழைக்கும் என்ற உறுதி இல்லை.

தாய்க்குத் தெரியும் அறிகுறி, சில நாளிலேயே வயிறு திடீரெனப் பெருத்து இறுகுவதும் மூச்சு வாங்குவதும். "இரட்டைன்னா அப்படித்தான்" என்று விட்டுவிடக் கூடாது. கடும் தலைவலி, கண் மங்கல், நீர்க்கசிவு, ரத்தப்போக்கு, அசைவு குறைவு, விட்டுவிட்டு வரும் இடுப்புவலி எதுவானாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சிக்கலே இல்லாவிட்டாலும் 40 வாரம் காத்திருப்பதில்லை. தனி நஞ்சுக்கொடிகள் என்றால் 37ஆம் வாரத்திலும், பகிர்ந்தது என்றால் 36ஆம் வாரத்திலும் பிரசவம் பார்ப்பது வழக்கம்.